திரிந்த கோப்பைகள்

மூன்றாவது கோப்பையும் திரிந்தபோது மணி ஒன்பது பத்து.

முதல் கோப்பையை ஒரு நர்ஸ் திருப்பிக் கொண்டுவந்தார். காபியின் மேல் வெள்ளைத் துணுக்குகள், கிழித்துப் போட்ட காகிதம் போல மிதந்தன. "பால் போச்சு போல" என்றார். மன்னிப்புக் கேட்டு வேறு போட்டுக் கொடுத்தேன். இரண்டாவது கோப்பை, மகளின் பிரசவத்துக்குக் காத்திருந்த ஒரு பெரியவருடையது. அவர் பாதி குடித்த பிறகுதான் பார்த்திருக்கிறார். மூன்றாவதை, வாங்க நின்றவரோடு சேர்ந்து என் கண்ணாலேயே பார்த்தேன். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலைக் காபியின் மேல் சரித்தேன். ஒரு கணம் வெண்மேகம் போல விரிந்தது. அடுத்த கணம் மேகம் உடைந்து துகள் துகளாக இறங்கியது.

அந்தப் பால் என் அக்காவின் பால்.

எங்கள் காபிக்கடை மருத்துவமனையின் தரைத்தளத்தில், மின்தூக்கிகளுக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. கடை என்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நீளமான மேடை, காபி வடிக்கும் இயந்திரம், வடித்த காபியைச் சூடாக வைத்திருக்கும் தட்டு, ஒரு மின்னடுப்பு, குளிர்பெட்டி, நான். நகரத்தின் ஓரத்தில் அக்காவும் மாமாவும் பதினான்கு மாடு வைத்திருக்கிறார்கள். கறந்த பாலைச் சூடுபடுத்திக் குளிர்வித்து, கேன்களில் அடைத்து அனுப்புகிறார்கள். எட்டு மாதத்துக்கு முன்பு அந்தப் பாலை இங்கே கொண்டுவந்தவள் நான்தான். முதலில் இந்தக் கடைக்கு. பிறகு மருத்துவமனைச் சமையலறைக்கு. இப்போது ஆறு மாடி நோயாளிகளும் குடிப்பது அதைத்தான். "என் அக்கா பால்ல தண்ணி கூட கலக்கமாட்டா, கண்ணீர்கூட விழாது" என்று சமையலறைக்காரர்களிடம் நானே பெருமையடித்திருக்கிறேன்.

ஒன்பதரைக்கு மேல்மாடியிலிருந்து தொலைபேசி வந்தது. மருத்துவமனையின் சுகாதார அதிகாரி. குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

"மூணு புகார் வந்திருக்கு. ஒரு மணிக்கு நானே வர்றேன். பால் கெட்டதுன்னு தெரிஞ்சா இன்னிக்கே நிறுத்திடுவேன். கடைக்கு மட்டும் இல்ல, வார்டுக்கும் சேர்த்து."

"சரிங்க மேடம்."

"அதுவரைக்கும் பால் காபி கொடுக்காதீங்க."

தொலைபேசியை வைத்ததும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நேத்து ராத்திரி குளிர்தொட்டி ஏதாவது நின்னுச்சா?"

மறுமுனையில் பால் கறக்கும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மா."

"சும்மா கேக்கறவ குரல் இப்படி இருக்காது பாப்பா. என்ன ஆச்சு?"

சொன்னேன். இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அக்காவாகத்தான் இருக்கும்.

"ரெண்டு மணிக்குக் கரண்ட் போச்சு" என்றாள். "ஒரு மணி நேரம். ஜெனரேட்டரைப் போடுங்கன்னு இவர்கிட்ட சொல்லிட்டுப் படுத்தேன். போட்டாரா இல்லையான்னு…" பிறகு தொலைபேசியை விட்டு விலகி, என் காதுக்கும் கேட்கும்படி, "ஏங்க! ராத்திரி ஜெனரேட்டர் போட்டீங்களா இல்லியா? வாயத் தெறங்க!"

தொடர்பு அறுந்தது. அறுந்ததா, அவள் அறுத்தாளா, தெரியவில்லை.

மருந்துக் கடைக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. கடலில் இறங்கி நிற்கும் ஒருத்தியைப் போல, கழுத்துவரை வெளிச்சமும் கீழே நிழலுமாக. குளிர்பெட்டியைத் திறந்து கேனை மோந்து பார்த்தேன். புதுப் பாலின் வாசம்தான். ஒரு கரண்டி குடித்தேன். இனிப்பு. ஆனால் பயந்தவளின் நாக்கை நம்ப முடியுமா? இரண்டாவது கரண்டியில் லேசாகப் புளிப்பது போல இருந்தது. மூன்றாவதில் மறுபடியும் இனித்தது.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். காபிக்கொட்டையைத் தானே வறுப்பவர். எங்கே எது கருகினாலும் அவருக்கு முதலில் தெரிந்துவிடும் என்பதால் எல்லோரும் அவரை மூக்கு என்றுதான் சொல்வார்கள், அவர் முன்னால் தவிர. போன வாரம்தான் கொட்டையை மாற்றியிருந்தார். முன்பு கறுக்க வறுப்பார். இப்போது பொன்னிறத்தில் இறக்கிவிடுகிறார். அதன் பிறகு ஓரிரு கோப்பைகளில் துணுக்கு மிதந்தது, நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உங்க அக்கா பால்தான்" என்றார், பையை வைப்பதற்கு முன்பே. "வேற என்ன?"

"காபி மாத்தின பிறகுதானே சார் இப்படி ஆகுது?"

"காபி எப்படிம்மா பாலைக் கெடுக்கும்? அது என்ன எலுமிச்சம்பழமா?"

"எலுமிச்சம்பழ வாசம் வருதுன்னு நீங்கதானே சார் போன வாரம் சொன்னீங்க."

"வாசம்! வாசம்னு சொன்னேன். சாறுன்னு சொன்னேனா?" அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் வறுத்த கொட்டை மேல பழி போடாத. ஒரு மணிக்கு அந்தம்மா வரும்போது பாலை மாத்திட்டோம்னு சொல்லிடு. பக்கத்துக் கடையில ரெண்டு பாக்கெட் வாங்கி வை. முடிஞ்சுது."

அது முடியாது. பாலை மாற்றினோம் என்று சொன்னால், பால்தான் கெட்டது என்று நாங்களே கையெழுத்துப் போட்டது போல. பதினான்கு மாடுகளின் பால் இந்தக் கட்டடத்துக்குள் திரும்ப வராது.

அவர் பையிலிருந்த மடிக்கணினியை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது, கேனிலிருந்து ஒரு கிண்ணம் பாலை அடுப்பில் வைத்தேன். கெட்டுப்போகத் தொடங்கிய பால் கொதிக்கும்போது திரிந்துவிடும். அக்கா வீட்டில் சின்ன வயதிலிருந்து பார்த்த சோதனை. ஓரத்தில் குமிழ் வந்தது. பால் பொங்கி எழுந்து, கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டு, அடங்கியது. கரண்டியால் அலசினேன். ஒரு துணுக்கு இல்லை. வழவழப்பாக ஓடியது.

நிம்மதி வெகுநேரம் நிற்கவில்லை. சூடுபட்ட அந்தப் பாலை ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, பிறகு எடுத்து, தட்டில் இருந்த காபியின் மேல் ஊற்றினேன். திரிந்தது.

அந்த நேரத்தில்தான் ஊசி வந்தான். இரண்டாம் மாடி ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவன். ஊசி என்ற பெயரை நோயாளிகள் வைத்தார்கள். அவன் பேச்சுக்கும் அது பொருந்தும்.

"என்ன இது, பனீர் கடை போட்டுட்டியா?"

"விளையாடாத. உங்க ஆய்வகத்துல புளிப்பு அளக்கிற கருவி இருக்கா?"

"இருக்கு. சிறுநீர் அளக்கிறது. கழுவித்தான் வைப்போம், பயப்படாத."

மூன்று சின்னக் குப்பிகளில் கொடுத்தேன். காலை எட்டரைக்கு வடித்து இன்னும் தட்டில் சுட்டுக்கொண்டிருந்த காபி. இப்போதுதான் வடித்தது. கேனிலிருந்து எடுத்த பால். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். வரும்போதே மாடிப்படியில் சிரிப்பு.

"உங்க பால் ஆறு புள்ளி ஏழு. நல்ல பால் இப்படித்தான் இருக்கணும். புது காபி அஞ்சு. பழைய காபி நாலு புள்ளி ஏழு. எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதுன்னு அர்த்தம். தட்டு மேல வெச்சு சுடச்சுட வெச்சிருந்தா இன்னும் புளிச்சுக்கிட்டே போகுது."

"அதனால?"

"பாலுக்குள்ள புரதத் துகள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரே மாதிரி மின்னூட்டம். ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். கூட்டுக் குடும்பத்து ஓரகத்திங்க மாதிரி. அதனாலதான் பால் பாலா இருக்கு. புளிப்பு சேர்ந்தா அந்தத் தள்ளல் போயிடும். போச்சுன்னா எல்லாம் ஒட்டிக்கிட்டுக் கட்டியாயிடும். சூடு இருந்தா இன்னும் சீக்கிரம். ஆறின காபியில தாங்குற பால், கொதிக்கிற காபியில தாங்காது."

"இதை எழுதிக் குடுப்பியா?"

"சிறுநீர்க் கருவியில காபி அளந்தேன்னு எழுதிக் குடுத்தா எனக்கு வேலை இருக்குமா? நீயே காட்டு. கண்ணால பார்த்தா அந்தம்மா நம்புவாங்க."

அவன் போய்விட்டான். கடிகாரம் பதினொன்றரை. அக்காவுக்கு இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வந்தார். அவர் குடிப்பது எப்போதும் ஒரே மாதிரி: பெரிய டம்ளரில் பாதிக்குச் சூடான பால், அதன் மேல் காபி. தினமும் இரண்டு முறை. பால் காபி இல்லை என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லையா, ஊருக்கே இல்லையா?"

"ஊருக்கே. பால் திரியுதுண்ணே."

"நேத்துகூட ரெண்டு குடிச்சேன். ஒண்ணும் திரியலையே."

நின்றுவிட்டேன். உண்மைதான். இந்த ஒரு வாரத்தில் அவர் ஒருமுறை கூடத் திருப்பித் தந்ததில்லை. அதே கேன். அதே காபி. சில நாள் மதியம், காலையில் வடித்து வெகுநேரம் சுட்ட காபிதான்.

ஊற்றும் வரிசைதான் வேறு.

மற்ற எல்லோருக்கும் காபியை முதலில் ஊற்றி, மேலே குளிர்ந்த பாலைக் கொஞ்சமாகச் சரிப்பேன். முதலாளியின் உத்தரவு அது. மேகம் விரிவது பார்க்க அழகாக இருக்கும் என்பார். விழுகிற முதல் சொட்டுப் பால் கோப்பை முழுக்க இருக்கும் புளிப்பிலும் சூட்டிலும் தனியாகச் சிக்குகிறது. நீச்சல் தெரியாதவளைக் கடலில் தள்ளுவது போல. ஓட்டுநருக்கோ பால் முதலில். விழுகிற முதல் சொட்டுக் காபிதான் பாலின் நடுவில் தனி. பால் அந்தப் புளிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. ஏற்கெனவே சூடாக இருப்பதால் அதிர்ச்சியும் இல்லை. பாலும் அதிகம், பாதி டம்ளர்.

மேடைக்குக் கீழே ஒளித்துவைத்துச் செய்து பார்த்தேன். முதல் முறை, சூடான பால் முதலில், அதன் மேல் பழைய காபியை மெல்லிய நூலாக. திரியவில்லை. இரண்டாவது முறையும் இல்லை. மூன்றாவது முறை அவசரத்தில் காபியை மொத்தமாக ஊற்றிவிட்டேன். பாலும் குறைவாகத்தான் வைத்திருந்தேன். ஓரத்தில் இரண்டு மூன்று மணிகள் தெரிந்தன. அந்த மூன்றாவது போல அதிகாரியின் முன்னால் நடந்தால்?

மணி பன்னிரண்டு ஐம்பது.

முதலாளி அருகில் வந்து, ஒரு பாக்கெட்டை மேடையில் வைத்தார். பக்கத்துக் கடைப் பால். "இதைப் போட்டுக் குடு. காபியையும் புதுசா வடிச்சுடு. அந்தம்மா குடிச்சுட்டுப் போயிடும். எதையும் விளக்கிட்டு நிக்காத."

"சார், அப்படிச் செஞ்சா அக்கா பால் கெட்டதுன்னு ஆயிடும்."

"ஆகட்டுமே. பால்காரங்களுக்கு ஊர் முழுக்க இடம் இருக்கு. எனக்கு இந்த மேடை ஒண்ணுதான்."

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அவரும் பயந்துகொண்டுதான் இருந்தார். மூக்கின் நுனி சிவந்திருந்தது.

சுகாதார அதிகாரி சரியாக ஒரு மணிக்கு வந்தார். கண்ணாடி, சின்னக் குறிப்பேடு, களைத்த கால்கள். மின்தூக்கியை விட்டு மாடிப்படியில் இறங்கி வந்திருக்கிறார். மேடையின் முன்னால் நின்று சொன்னார்:

"காலையில எப்படிப் போட்டீங்களோ, அப்படியே ஒண்ணு போடுங்க."

முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை, பாக்கெட்டைப் பார்த்தார். என் கை அதற்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது ஒரு நல்ல கோப்பையைக் கொடுத்துவிடலாம். பால் முதலில், காபி மெதுவாக. அதிகாரி குடித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் காலையில் மூன்று பேர் பார்த்த வெள்ளைத் துணுக்குகள் அப்படியே எங்கள் கேனின் மேல் நின்றுவிடும். நாளை இன்னொரு கோப்பை திரியும். அன்று எங்கள் பேச்சைக் கேட்பதற்கு ஆள் இருக்காது.

அக்காவின் கேனை எடுத்தேன். எட்டரை மணிக் காபியைக் கோப்பையில் நிரப்பினேன். குளிர்ந்த பாலை மேலே சரித்தேன்.

திரிந்தது.

"ம்" என்றார் அதிகாரி. பேனாவைத் திறந்தார்.

முதலாளி, "மேடம், பாலை மாத்திட்டோம்…" என்று தொடங்கினார்.

"மாத்தல மேடம்" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இதே பால்தான். ரெண்டு நிமிஷம் குடுங்க. எழுதறதுக்கு முன்னாடி பாருங்க."

அதே கேனிலிருந்து கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். அந்த இரண்டு நிமிடம் மிக நீளமாக இருந்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பால் பொங்கியது, அடங்கியது. அதிகாரி கரண்டியை என் கையிலிருந்து வாங்கித் தானே அலசினார்.

"கெட்ட பாலா இருந்தா இங்கயே திரிஞ்சிருக்கும்" என்றார், தனக்குத்தானே போல.

"ஆமாங்க மேடம். குடிச்சும் பாருங்க."

ஒரு கரண்டி ஊதிக் குடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வேறு கோப்பை எடுத்தேன். கொதித்த பால் கொஞ்சம் சூடு தணியும்வரை காத்தேன். பாதிக் கோப்பை பால். அதே பழைய காபி. நூல் போல ஊற்றினேன். பாலில் பழுப்பு நிறம் மெதுவாக ஏறியது. ஏறிக்கொண்டே போனது. துணுக்கு வருகிறதா என்று கோப்பையின் ஓரத்தையே பார்த்தேன். மறுபடி வந்து வரிசையில் நின்றிருந்த ஓட்டுநர், "ஊத்தும்மா, ஊத்து, பிரசவமா பாக்கற" என்றார். யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

திரியவில்லை.

"அதே பால், அதே காபி" என்றேன். "மேடம், காபி ரொம்பப் புளிப்பா இருக்கு. காலையிலேர்ந்து தட்டு மேல சுட்டதுல இன்னும் புளிச்சுப்போச்சு. கொதிக்கக் கொதிக்க இருக்கிற காபியில குளிர்ந்த பாலைக் கொஞ்சமா ஊத்தினா தாங்காது. தப்பு கேன்ல இல்ல. இந்த மேடையில. நான் ஊத்தின விதத்துல."

கடைசி வாக்கியத்தை யோசிக்காமல் சொல்லிவிட்டேன். முதலாளி நிமிர்ந்தார். தன் கொட்டையின் பெயர் வரும் என்று எதிர்பார்த்திருந்தவர் போல.

அதிகாரி இரண்டாவது கோப்பையைக் கையில் எடுத்து, ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "புளிக்குதுதான்" என்றார். "இது என்ன, காபியா, பழரசமா?"

"லேசா வறுத்தது மேடம்" என்றார் முதலாளி பலவீனமாக. "அதுல ஒரு வாசம்…"

"வாசத்தை நீங்க குடிங்க. நோயாளிங்களோட சொந்தக்காரங்களுக்குக் காபி குடுங்க." குறிப்பேட்டில் எழுதினார். நான் தலைகீழாகப் படிக்க முயன்றேன், முடியவில்லை. "வடிச்ச காபி அரை மணிக்கு மேல தட்டுல இருக்கக்கூடாது. பாலைச் சூடு பண்ணி முதல்ல ஊத்துங்க. கேன்லேர்ந்து ஒரு மாதிரி எடுத்துட்டுப் போறேன், ஆய்வகத்துல பார்க்கணும். அது நல்லா வந்தா விஷயம் முடிஞ்சுது."

"வார்டுக்கு மேடம்?"

"வார்டுக்கு யார் காபி ஊத்தறாங்க? பால் எப்பவும்போல போகட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "அறிக்கையில 'தயாரிப்பு முறையில் கவனக்குறைவு'ன்னு எழுதியிருக்கேன். பேரு உங்களோடதுதான் வரும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொன்னேன். பரவாயில்லாமல் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

அவர் குப்பியில் பாலை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறினார். முதலாளி தட்டிலிருந்த காபி முழுவதையும் கழுவுதொட்டியில் கொட்டினார். கொட்டும்போது ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டார், வழியனுப்புவது போல.

நான் மருந்துக் கடைப் பக்கம் ஒதுங்கி அக்காவை மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தாள்.

"பால் நல்ல பால்க்கா. காபிதான். நான் ஊத்தினதுதான்."

"நல்லாப் பார்த்தாங்களா?"

"கொதிக்கவெச்சுக் காட்டினேன். வார்டுக்கும் போகுது. மாதிரி எடுத்துட்டுப் போயிருக்காங்க, அதுவும் நல்லாத்தான் வரும்."

"நீ கேட்டியே காலையில… குளிர்தொட்டி நின்னுச்சான்னு." அவள் குரல் உடைந்தது, அழுகையாலா கோபத்தாலா தெரியவில்லை. "இவரு ஜெனரேட்டர் போட்டேன்னு சத்தியம் பண்ணாரு. நான் நம்பல. வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன் பாப்பா. இருபது வருஷமா சேர்த்துவெச்சதெல்லாம். சாப்பிடாம மாட்டுக் கொட்டகையில போய் உக்காந்திருக்காரு."

"மாமாகிட்ட குடு."

"நான் போய்க் குடுத்தா வாங்கமாட்டாரு."

"பக்கத்துல வெச்சுட்டு வா."

காலடிச் சத்தம். ஒரு மாடு மூச்சுவிட்டது. தொலைபேசியை எதன் மீதோ வைத்தாள். என் பின்னால் மின்தூக்கி திறந்து மூடியது.

"ம்" என்றார் மாமா.

"மாமா, பால் நல்ல பால்தான்."

"ம்."

"ஜெனரேட்டர் போட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நான்தான் தெரியாமக் கேட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

மாமா இருமினார். "எங்கிட்ட என்னத்துக்குச் சொல்ற? உங்க அக்கா வாசல்ல நிக்கறா. கேக்காத மாதிரி நிக்கறா. அவளுக்குக் கேக்கற மாதிரி சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

நான் சுற்றிலும் பார்த்தேன். காத்திருக்கும் நாற்காலிகளில் இருபது பேர். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. மூச்சை இழுத்துக்கொண்டு, மருத்துவமனையின் தரைத்தளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்:

"மாமா ஜெனரேட்டர் போட்டாரு! பால் நல்ல பால்!"

இருபது முகங்கள் திரும்பின. சக்கர நாற்காலிப் பாட்டி, "அப்போ எனக்கு ஒரு காபி" என்றார்.